சிறுகதை வரைவு: எழுதிப் பார்க்கும் தாள் (கடை சாகும் விதம் நம்பும்படி இருக்கிறதா?)

பழையநிப் எழுதியது:

வணக்கம். இரண்டு மாதமாக இந்த ஒரு கதையோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு பெரியவர், பேனா நோட்டு விற்கும் கடை, தெருக்கோடியில் ஒரு பெரிய மால். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். எனக்கு இரண்டு சந்தேகம். முடிவு ஒட்டுகிறதா? அந்தக் கடை படுக்கிற விதம், கடைக்காரர்கள் யாராவது படித்தால் சிரிக்காமல் இருப்பார்களா? தயவு பார்க்காமல் சொல்லுங்கள். கதை கீழே.

பெரியவரின் மேசைமேல் எப்போதும் ஒரு தாள்கட்டு கிடக்கும். பழைய பில் புத்தகங்களைப் பாதியாக நறுக்கி, மூலையில் துளையிட்டு, நூல் கோத்து அவரே செய்வது. எந்தப் பேனாவையும் அதில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்கலாம். நாற்பது வருடமாக அந்தத் தெரு அவருக்கு எழுதிக் காட்டியிருக்கிறது. முக்கால்வாசிப் பேர் தங்கள் கையெழுத்தைப் போடுவார்கள். குழந்தைகள் சுழி போடும், நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாது. கணக்கு எழுதுகிறவர்கள் எட்டு என்ற எண்ணை நாலைந்து தடவை எழுதுவார்கள். சிலர் ஒரு பெயரை எழுதி, யாரும் பார்க்குமுன் அதன்மேல் கிறுக்கிவிடுவார்கள். இரவு கடை சாத்தும்போது அன்றைய தாள்களைக் கிழித்து ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

மால் திறந்த வாரத்தில் தெருவில் நடக்க இடமில்லை. பெரியவருக்குச் சந்தோஷம்தான். நாற்பது பேர் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது பேர் கேட்டது வண்டியை எங்கே நிறுத்துவது என்று.

பிறகு எதிர்வரிசைக் கடிகாரக்காரர் போனார். கைபேசி உறை விற்கும் கடை அந்த இடத்துக்கு வந்தது. தையல்காரர் போனார். அங்கே பார்சல் அடுக்கும் அறை வந்தது. கதவு எப்போதும் பாதி இறக்கியே இருக்கும். ஒரு நாளில் தீர்ந்த தாள்கட்டு ஒரு வாரம் வந்தது, அப்புறம் ஒரு மாதம் வந்தது. ஒரு நாள் சாத்தும்போது கிழிப்பதற்கு எதுவும் இல்லை.

மறுநாள் பெரியவர் முதல்முறையாக மாலுக்குள் போனார். மூன்றாவது தளத்தில் பேனாக்கள் தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் ஒட்டப்பட்டுத் தொங்கின. ஒன்றைக்கூட எழுதிப் பார்க்க முடியாது. அவர் சட்டைப்பையிலிருந்து தன் தாள்கட்டை எடுத்து, அந்த அடுக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் மறுபடி போனபோது அது அங்கேயே இருந்தது. மேல்தாள் முழுக்க ஏதோ ஒரு குழந்தை சுழி போட்டிருந்தது.

---

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

முடிவில் கண் கலங்கிவிட்டது. தொடாதீர்கள், அப்படியே விடுங்கள். ஒரே குறை, வேகம் போதாது. மால் திறந்த அன்றைக்கே சின்னக் கடைகளுக்கு வியாபாரம் படுத்துவிடும், எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நீங்கள் மாதக்கணக்கில் இழுக்கிறீர்கள்.

---

சரக்குவண்டி எழுதியது:

இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷனரி ஏஜென்சி ஒன்றில் சேல்ஸ்மேனாக லைன் போனவன் நான். இந்தக் கதையில் வருகிற மாதிரி கடைகள் கையில் நூற்றுக்கு மேல் இருந்தன. அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாள்கட்டு அருமை. நான் போன கடைகளில் பாதியில் அது உண்டு. ஆனால் உங்கள் பெரியவர் தாளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி அலமாரியைப் பார்க்கவே இல்லை. கடை சாவது முதலில் அங்கேதான் தெரியும்.

மால் வந்ததும் ஆள் வருவது நிற்பதில்லை. நூறு பேரில் இருபது பேர் குறைவார்கள், அவ்வளவுதான். அதைக் கடைக்காரர் ‘சீசன் இல்லை’ என்று சொல்லிக்கொள்வார். மூன்று வாரத்தில் பணம் தருகிறேன் என்று என்னிடம் வாங்கிய சரக்குக்கு ஐந்தாவது வாரம்தான் பணம் சேரும். பழைய பில் முடியாமல் புது ஆர்டர் எடுக்கக்கூடாது என்பது ஏஜென்சி விதி. சரி, பணத்தை எங்கிருந்து புரட்டுவார்? வேகமாக ஓடுகிற பத்து வகைப் பேனாவும் நோட்டும் விற்ற காசிலிருந்துதான். அந்தக் காசு பழைய பில்லுக்குப் போய்விடும், அந்தப் பத்து வகையைத் திரும்ப நிரப்ப மிச்சம் இருக்காது. ஓடுகிற சரக்கு காலியாகி ஓடாத சரக்கு மட்டும் கடையில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கடை நிறைந்துதான் இருக்கும். கேட்கிற பொருள் மட்டும் இருக்காது.

‘நாளைக்கு வந்துடும்’ என்று ஒரு கடைக்காரர் எத்தனை தடவை சொல்கிறார் என்று நான் எண்ணுவேன். நான் நிற்கிற கால்மணி நேரத்தில் மூன்று தடவை சொன்னால் அந்தக் கடை ஒரு வருடம் தாங்காது.

இன்னொன்று. ஆர்டர் சுருங்கியதும் ஏஜென்சி பெட்டியை உடைத்துத் தராது. முழுப் பெட்டி எடு, இல்லாவிட்டால் வேண்டாம். முழுப் பெட்டி எடுத்தால் எட்டு மாதம் தூங்கும். வேண்டாமென்றால் அவரே மொத்தக்கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து எடுத்துவர வேண்டும். அரை நாள் கடை பூட்டு. அன்றைக்குப் பார்த்து வாடிக்கையாளர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார்.

கடைசியில் நானும் வாரா வாரம் போவதை நிறுத்தினேன். மாதம் ஒரு தடவை, அப்புறம் வண்டியை மெதுவாக ஓட்டி வெளியிலிருந்தே கையசைப்பது. உங்கள் கதையில் அந்த ஆள் வேண்டும். தெருவை விட்டு முதலில் போகிறவன் வாடிக்கையாளன் இல்லை, சேல்ஸ்மேன்.

---

மேப்பைத்தியம் எழுதியது:

சரக்குவண்டி அண்ணன் சொல்வது உள்ளே நடப்பது. வெளியே நடப்பது வேறு. மாலை வடிவமைத்த விக்டர் க்ரூயன் என்பவர் மக்களை வேண்டுமென்றே குழப்பி, எதற்கு வந்தோம் என்பதை மறக்கடித்து, கண்டதையும் வாங்க வைக்கத்தான் அந்தக் கட்டடத்தையே கண்டுபிடித்தார். அந்தத் தந்திரத்துக்கு அவர் பெயரே உண்டு, ‘க்ரூயன் டிரான்ஸ்ஃபர்’. சின்னத் தெருக்களை அழிக்கப் போட்ட திட்டம் அது. பெரியவர் மாலுக்குள் போகும் இடத்தில் அந்தக் குழப்பத்தைக் காட்டுங்கள். வழி தெரியாமல் சுற்றட்டும்.

---

கட்டடக்காரி எழுதியது:

பாதி சரி, பாதி தலைகீழ். பெயர் அவருடையதுதான், தந்திரம் அவருடையது இல்லை. க்ரூயன் வியன்னாக்காரர். 1938ல் ஆஸ்திரியாவை விட்டு அமெரிக்கா போனவர். 1956ல் மினசோட்டாவில் ஈடைனா என்ற இடத்தில் அவர் கட்டிய சவுத்டேல்தான் முழுக்கக் கூரை மூடி, குளிரூட்டிய முதல் மால். அவர் மனதில் இருந்தது வியன்னாவின் நடந்துபோகிற தெரு. கடைகளைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் வரைந்து கொடுத்தார். வந்தது மாலும், அதைச் சுற்றிக் கடலாக வண்டி நிறுத்துமிடமும்தான். வயதான காலத்தில் வியன்னாவுக்குத் திரும்பினார். அங்கே நகரத்துக்குத் தெற்கே 1976ல் ஒரு பெரிய மால் திறந்தது. தான் வளர்ந்த நகரத்தின் சின்னக் கடைகளை அது தின்னப்போகிறது என்று புலம்பினார். இவையெல்லாம் என் பிள்ளைகளே இல்லை என்கிற தொனியில் 1978ல் மேடையிலேயே பேசினார். பழையநிப்பின் பெரியவரும் அவரும் ஒரே திண்ணையில் உட்காரலாம் போலிருக்கிறது எனக்கு.

கதைக்கு வருகிறேன். மால் தெருக்கோடியில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மாலுக்குப் போகிறவர்கள் பெரியவர் கடையைத் தாண்டித்தானே நடக்க வேண்டும்? ஆள் கூடியிருக்க வேண்டுமே. ஏன் கூடவில்லை என்பதற்குக் கதையில் பதில் இல்லை.

பதில் கட்டடத்தில் இருக்கிறது. மாலுக்குள் இரண்டு முனையிலும் இரண்டு பெரிய கடைகளை வைப்பார்கள். அவர்களுக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்துக் கூப்பிடுவதும் உண்டு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஜனம் நடக்கும், நடுவில் இருக்கிற சின்னக் கடைகள் அந்த நடையில் பிழைக்கும். பழைய தெருவும் அதேபோலத்தான் இயங்கியது, யாரும் திட்டம் போடவில்லை, அவ்வளவுதான். ஒரு முனையில் பேருந்து நிறுத்தம், மறு முனையில் தபால் நிலையமோ பள்ளிக்கூடமோ. நடுவில் பேனாக் கடை.

மால் வந்ததும் பேருந்து நிறுத்தம் மாலின் முன்வாசலுக்கு நகரும். முன்வாசல் பெரிய சாலைப் பக்கம். பெரியவர் தெருவுக்குக் கிடைப்பது மாலின் முதுகு. நீளமான வெற்றுச் சுவர், குளிர்சாதன இயந்திரங்கள், சரக்கு லாரி ஏறும் சரிவு. கார்கள் அந்தத் தெரு வழியாக வரும், ஆனால் ஆட்கள் காருக்குள் இருப்பார்கள். நிலவறையில் நிறுத்தி, மின்தூக்கியில் ஏறி, கால் தெருவில் படாமலே திரும்புவார்கள். தெருவில் சத்தம் கூடியிருக்கும், நடை குறைந்திருக்கும். பெரியவர் குழம்ப வேண்டிய இடம் இது, மாலின் மூன்றாவது தளம் இல்லை.

---

நாலாவதுமாடி எழுதியது:

நல்ல இழை. எனக்கு இதே குழப்பம்தான். மாலில் சின்னதாக ஒரு கடை எடுக்கலாமென்று இருக்கிறேன், பரிசுப் பொருள் வியாபாரம். நடுவில் எடுப்பதா, மின்படிக்குப் பக்கத்தில் எடுப்பதா? அந்தப் பெரியவரும் தெருவை விட்டு மாலுக்கே மாறியிருக்கலாமே, ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

---

கட்டடக்காரி எழுதியது:

இது கதை பற்றிய இழை நண்பரே, தனியாக ஒன்று தொடங்குங்கள். போகிறபோக்கில் ஒன்று மட்டும்: வாடகையைச் சொல்லும்போது எந்தச் சதுர அடிக்கு என்று கேளுங்கள். நடைபாதை, கழிப்பறை, தூண் எல்லாவற்றிலும் உங்கள் தலைக்கு ஒரு பங்கைச் சேர்த்துத்தான் கணக்கு வரும். பராமரிப்புக் கட்டணம் அதற்குமேல் தனி. பெரியவர் ஏன் மாறவில்லை என்பதற்கும் அது ஒரு பதில்.

---

சின்னக்கல்லா எழுதியது:

என் அப்பா கடைக்காரர். பேனா இல்லை, பூட்டு, கீல், ஆணி. ஆனால் இந்தக் கதையைப் படித்ததும் ஒன்று உறுத்தியது. பெரியவர் கடையில் கடன் நோட்டு எங்கே?

எங்கள் கடையில் நீளமான ஒரு நோட்டு உண்டு. ஒரு பக்கம் ஒரு குடும்பம். மாதம் பிறந்ததும் பாக்கியை அடைப்பார்கள். பக்கத்தில் மால் வந்த பிறகு நடந்தது இதுதான்: கையில் காசு இருக்கும் முதல் பத்து நாளில் மாலுக்குப் போவார்கள். காசு தீர்ந்த கடைசிப் பத்து நாளில் அப்பாவிடம் வருவார்கள், கடனுக்கு. ரொக்கம் முழுக்க அங்கே, கடன் முழுக்க இங்கே. விற்பனை அவ்வளவாகக் குறையவே இல்லை. கல்லாதான் காலி.

அதைவிடப் பெரிய கூத்து, பாக்கி ஏறியதும் அவர்கள் எங்கள் கடைப்பக்கம் வருவதையே நிறுத்திவிடுவார்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் போவார்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டே. அப்பா என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது: ‘மால் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போச்சு. நோட்டு இருபது பேரைத் துரத்திடுச்சு.’ ஒரு கட்டத்தில் அவர் சில பேரைக் கூப்பிட்டு, பாக்கியை விடுங்கள், கடைக்கு வாங்க என்றார். அதற்கப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் அதிகமாகக் கூச்சப்பட்டார்கள்.

ஆனால் ஒன்று. எங்கள் கடை மூடவில்லை. சொந்த இடம், வாடகை கிடையாது. மாலில் கீல் ஒற்றையாகக் கிடைக்காது, நாலு கீல் ஒரு பொட்டலம். ஒரு கீல் வேண்டுமென்றால் அப்பாதான். அதனால் ‘மால் வந்தால் சின்னக் கடை சாகும்’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மாலின் மேல்தளத்திலேயே இப்போது பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது.

---

பழையநிப் எழுதியது:

ஒரு கதையைக் கொடுத்தேன், நாலு கதையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். கடன் நோட்டை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

சரக்குவண்டி அண்ணே, ஒரு கேள்வி. இருபது சதவீதம்தான் குறையும் என்கிறீர்கள். இருபது குறைந்தால் ஒரு கடை சாகுமா? எண்பது மிச்சம் இருக்கிறதே. வாசகன் நம்ப மாட்டானே.

---

சரக்குவண்டி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. காசு எவ்வளவு என்பதை விடுங்கள், பங்காகப் பார்ப்போம். கடை 100 பங்கு விற்கிறது. அதில் சரக்கு வாங்கிய விலை 80 போய்விடும், லாபம் 20. வாடகை, மின்சாரம், கடைப்பையன் சம்பளம் எல்லாம் சேர்த்து 14. வீட்டுக்குப் போவது 6. இப்போது விற்பனை 80க்கு இறங்குகிறது. லாபம் 16. வாடகைக்காரர் உன் விற்பனை குறைந்துவிட்டது என்று குறைப்பாரா? அதே 14. வீட்டுக்கு 2. அதாவது விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, அடுப்பெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. விற்பனை 70 ஆனால் லாபம் 14, செலவு 14, வீட்டுக்கு ஒன்றுமில்லை. எழுபது பேர் வந்துபோகிற கடை அது. தெருவில் பார்க்கிறவனுக்குக் கடை நன்றாக ஓடுவதாகத்தான் தோன்றும்.

உடனே பையனை நிறுத்துவார். அதில் கொஞ்சம் மூச்சு வரும். ஆனால் பையன் இல்லாவிட்டால் நான் சொன்ன அந்த அரை நாள் பூட்டு வரும்.

சின்னக்கல்லா சொல்வதும் இதில் அடங்கும். சொந்த இடம் என்றால் அந்த 14, 8 ஆகிவிடும். விற்பனை 50க்கு வந்தாலும் 2 மிச்சம் இருக்கும். உங்கள் பெரியவர் கடை வாடகையா சொந்தமா என்று கதையில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லாமல் அவர் தலைவிதி எனக்குத் தெரியாது.

மால் திறந்ததும் கட்டட உரிமையாளர்கள் ‘இனி நம்ம தெரு எங்கேயோ போகப்போகுது’ என்று அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றுவதும் உண்டு. கடிகாரக்காரர் போனது மாலினால் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவர்களில் பலர் போனது ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில்.

---

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

சரி, திறந்த அன்றே படுத்துவிடும் என்று நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கதையைக் கணக்குப் புத்தகம் ஆக்கப் பார்க்கிறீர்கள். பெட்டி, பில், ஒப்பந்தம், பங்கு. எனக்கு அந்தக் குழந்தையின் சுழி போதும். பழையநிப், அதை வெட்டினால் நான் உங்கள் கதையையே படிக்க மாட்டேன்.

---

கட்டடக்காரி எழுதியது:

சுழி இனிப்பு. அதிகமான இனிப்பு. மாலில் துப்புரவுப் பணியாளர் ஒரு இரவுக்குள் அந்தத் தாள்கட்டை எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார். ஒரு வாரம் அங்கே இருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

---

சரக்குவண்டி எழுதியது:

கடைசிப்பெஞ்ச் தம்பி, கணக்கு வேண்டாம் என்றால் பொருளைக் காட்டுகிறேன். பேனாக் கடையில் சரக்கு தேங்கினால் என்ன ஆகும் தெரியுமா? கடைக்குள் நுழைந்ததுமே நான் கண்டுபிடித்துவிடுவேன். ரப்பர் பேண்டை இழுத்தால் நீளாது, உடையும். அழிப்பான்கள் பிளாஸ்டிக் ஸ்கேல்மேல் படுத்தபடியே கிடந்து, ஸ்கேலை இளக்கி, பள்ளம் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நோட்டுக் கட்டை உருவினால் வெளிச்சம் பட்ட விளிம்பு மட்டும் பழுப்பு, உள்ளே வெள்ளை. ஜெல் பேனா முனையில் மை காய்ந்து, குண்டு சுற்றாது.

அப்புறம் முன்வரிசை. அதைத் தொட்டுப் பாருங்கள், பெட்டிகள் கனமே இருக்காது. காலிப் பெட்டிகள். அலமாரி நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் காலிப் பெட்டிகளை மூடி அடுக்கி வைத்திருப்பார். நான் தெரியாத மாதிரி நடந்துகொள்வேன். அவரும் நான் தெரியாத மாதிரி நடந்துகொள்வது தெரியாத மாதிரி இருப்பார்.

உங்கள் தாள்கட்டுக்கு வருகிறேன். ஆள் வராததால் தாள் வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது கடைசிக் கட்டம் என்று தோன்றவில்லை. அதற்கு முந்திய கட்டம் ஒன்று உண்டு. ஆள் வருவார், பேனாவை எடுப்பார், எழுதுவார். எழுதாது. மறுபடி அழுத்தி எழுதுவார். எழுதாது. வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் திரும்ப வரமாட்டார், அதில் மாலுக்குச் சம்பந்தமே இல்லை.

---

மேப்பைத்தியம் எழுதியது:

க்ரூயன் விஷயத்தில் நான் பாதியைத்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது, திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் மாலுக்கு முழு விடுதலை கொடுத்துவிட வேண்டாம். மால் வராவிட்டால் அந்த இருபது பேர் குறைந்திருக்க மாட்டார்கள். அந்த இருபது பேர்தான் முதல் கல். பேனா காய்ந்ததெல்லாம் அதற்கப்புறம்.

---

சின்னக்கல்லா எழுதியது:

முதல் கல் மால் என்பது சரி. ஆனால் அப்பா மாதிரி ஆட்கள் முதல் கல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. அன்றைக்கு யார் எதிர்ப்பக்கம் நடந்தார்கள் என்பதைத்தான் இரவு சாப்பாட்டில் பேசுவார். கதை அவர் கண்ணில் இருக்க வேண்டுமா, நம் கண்ணிலா என்பதுதான் கேள்வி.

---

பழையநிப் எழுதியது:

மூன்று நாள் உட்கார்ந்து பின்பாதியை மாற்றினேன். பெரியவர் இப்போது மாலுக்குள் போவதே இல்லை. கடிகாரக்காரர் ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் போகிறார். பேருந்து நிறுத்தம் நகர்கிறது. வாடகைக் கடைதான், ஆனால் பழைய வாடகை. உரிமையாளர் அடுத்த வருடம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். கடைசிப் பகுதியை மட்டும் இங்கே போடுகிறேன்.

பகல் முழுக்க லாரிகள் சரிவில் ஏறும் சத்தம். மூன்று மணிக்குமேல் சுவரின் நிழல் தெருவைத் தாண்டி மேசைவரை வந்துவிடும். பெரியவர் விளக்கைப் போட்டார். எதிர்ப்பக்கம் ஆசிரியர் ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போனார். கடன் நோட்டில் பதினேழாம் பக்கம். பெரியவர் தலையைக் குனிந்து மேசையைத் துடைத்தார், அவருக்குச் சிரமம் வேண்டாமென்று.

ஐந்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். நீல ஜெல் பேனா கேட்டாள். முன்வரிசைப் பெட்டியை நோக்கிப் போன கையைப் பெரியவர் திருப்பி, பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் தாள்கட்டை இழுத்து எழுதினாள். பேனாவை உதறி மறுபடி எழுதினாள். ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிட்டு மூடியைக் கவனமாகப் போட்டு வைத்தாள். ‘நாளைக்கு வந்துடும்மா’ என்றார்.

சாத்தும் நேரத்தில் தாள்கட்டைக் கையில் எடுத்தார். வெள்ளையாக இருந்தது. பழக்கத்தில் கிழித்தார். கசக்கப்போனவர் விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். அழுத்தி எழுதிய கோடுகள் நிழல் கட்டி எழுந்தன. பாதிக்குமேல் தெளிவாகவே இருந்தது. அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள். இரண்டு தடவை.

---

கடைசிப்பெஞ்ச் எழுதியது:

குழந்தையை வெட்டிவிட்டீர்கள். படிக்க மாட்டேன் என்று சொன்னேன், படித்துவிட்டேன். பழைய முடிவுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த ஆசிரியர் போகும்போது பெரியவர் தலையைக் குனிகிறாரே, அதை அங்கேயும் சேர்த்திருக்கலாம்.

---

சின்னக்கல்லா எழுதியது:

பதினேழாம் பக்கம். அப்பாவுக்கும் பக்க எண் மனப்பாடம், பெயரைச் சொல்லமாட்டார். இதை அவருக்குப் படித்துக் காட்டலாமா?

---

சரக்குவண்டி எழுதியது:

ஒரே ஒரு குறை. தாள்கட்டில் அது கடைசித் தாளாக இருந்தால் கீழே மெத்தென்று எதுவும் இருக்காது, மேசைப் பலகையில் அவ்வளவு பள்ளம் விழாது. அடியில் பத்துத் தாளாவது இருக்க வேண்டும். கட்டு இன்னும் தடிமனாகவே இருக்கிறது என்று எங்காவது ஒரு வரி போட்டுவிடுங்கள். வியாபாரம் இல்லாத கடையில் தடிமனாகத்தான் இருக்கும்.